320 கிலோமீட்டர் தூர எஃப்எம் நிலையம் இரவில் வருகிறது: k எவ்வளவு என்று வைப்பது?

கரையோரக் கேட்பவர் | மார்ச் 4, காலை 9.40

நேற்று இரவு பத்து மணிக்கு மேல் 94.3-ல் கடலுக்கு அக்கரையில் இருக்கும் ஒரு நிலையம் வந்தது. ஸ்டீரியோ விளக்கு எரிந்தது, இரைச்சல் இல்லை, நிலையத்தின் பெயரும் திரையில் விழுந்தது. காலை ஏழரை வரை இருந்தது. எட்டு மணிக்கு மேல் தேய ஆரம்பித்து ஒன்பதுக்குள் போய்விட்டது.

தூரம் வரைபடத்தில் 320 கிலோமீட்டர், முழுக்கக் கடல் வழி. அவர்கள் ஆன்டெனா கடல் மட்டத்திலிருந்து 150 மீட்டர், என்னுடையது 10 மீட்டர். பூமியின் ஆரத்தைப் பெருக்கும் k-ஐ வழக்கமான 4/3 என்று வைத்துக் கணக்குப் போட்டேன். என் அடிவானம் 13 கிலோமீட்டர், அவர்களுடையது 50. இரண்டும் சேர்ந்து 63 கிலோமீட்டர்தான். 320-ல் நான் அவர்களை நேராகப் பார்க்க வேண்டுமென்றால் அவர்கள் கோபுரம் ஐந்தரை கிலோமீட்டர் உயரம் இருக்க வேண்டும்.

கேள்வி இதுதான்: இப்படிப்பட்ட இரவுக்கு 4/3-க்குப் பதில் k எவ்வளவு என்று வைக்க வேண்டும்?

அயனிப் பிரியன் | மார்ச் 4, காலை 10.15

இது ஸ்பொராடிக்-இ. நூறு கிலோமீட்டர் உயரத்தில் அயனிப் படலம் திடீரென்று திரண்டு சிக்னலைத் திருப்பி அனுப்பும். எனக்கும் இப்படிப் பலமுறை வந்திருக்கிறது. அதற்கு k எல்லாம் கிடையாது.

நெடுந்தூர அலை | மார்ச் 4, மதியம் 12.05

அயனிப் பிரியன் சொல்வது நடக்கிற விஷயம்தான், ஆனால் இந்த இரவுக்குப் பொருந்தாது. 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஸ்பொராடிக்-இ வந்தால் நிலையங்கள் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டரிலிருந்து வரும். 320 கிலோமீட்டருக்கு அந்தப் படலத்தில் பட்டுத் திரும்ப வேண்டுமென்றால் அலை மிகச் செங்குத்தாக ஏற வேண்டும். அந்தக் கோணத்தில் எஃப்எம் அலைவரிசை துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். தவிர அது சட்டென்று வந்து சட்டென்று போகும், ஒரு நிலையத்தின் மேல் இன்னொன்று ஏறும். பத்து மணி நேரம் ஒரே நிலையம் நிதானமாக நின்று, வெயில் ஏறியதும் தேய்வது கீழ்க்காற்றின் வேலை. டக்டிங், அதாவது காற்றின் ஓர் அடுக்கு அலையைப் பிடித்துப் பூமியின் வளைவோடு கொண்டுபோவது.

k கேள்விக்கு மாலையில் வருகிறேன். கேட்ட விதத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது.

செட்டாப் | மார்ச் 4, மதியம் 1.30

எங்கள் வீட்டில் டிவிக்கும் இதே பிரச்சினை. மொட்டைமாடி ஆன்டெனாதான். விடிகாலையில் படம் கட்டம் கட்டமாக உடையும், பத்து மணிக்குச் சரியாகிவிடும். பூஸ்டர் மாற்றியாயிற்று, கேபிளும் மாற்றியாயிற்று. கடைக்காரர் ஆன்டெனாவையும் மாற்றச் சொல்கிறார். அந்த k-ஐ டிவியில் எந்த மெனுவில் மாற்றுவது?

நெடுந்தூர அலை | மார்ச் 4, இரவு 8.50

செட்டாப், k மெனுவில் இருக்கும் விஷயமில்லை, காற்றின் குணம். ஆனால் உங்கள் பிரச்சினையும் இதே குடும்பம் என்றுதான் நினைக்கிறேன். கடைசியில் சொல்கிறேன். இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள்.

முதல் கேள்வி. உயரம் போகப் போகக் காற்று மெலிகிறது. அதனால் ரேடியோ அலை கொஞ்சம் கீழ்நோக்கி வளைகிறது. வளைந்த கோட்டை வளைந்த பூமியின் மேல் வரைவது தொல்லை என்பதால், பொறியாளர்கள் கோட்டை நேராக்கிப் பூமியைப் பெரிதாக்கிக் கொண்டார்கள். எத்தனை மடங்கு பெரிதாக்குவது என்பதுதான் k. சூத்திரம்:

```
k = 157 / (157 + dN/dh)
```

N என்பது காற்றின் விலகல் எண். ஒரு கிலோமீட்டர் ஏறினால் அது எவ்வளவு மாறுகிறது என்பது dN/dh. சாதாரணக் காற்றில் அது சுமார் 39 குறையும், அதாவது -39. போட்டுப் பாருங்கள், 1.33 வரும். 4/3 வந்த வழி இது. ஒரு நடுத்தர நாளின் சராசரி, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் 320-ஐ அடிவானத்துக்குள் கொண்டுவர k எவ்வளவு வேண்டும்? இரண்டு ஆன்டெனா உயரங்களை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் 34 வருகிறது. அதற்கு வேண்டிய சரிவு -152. இன்னும் ஐந்து கூடி -157 ஆனால் k முடிவிலி. அதையும் தாண்டினால் எதிர்மறை. ஆக -152-க்கும் -160-க்கும் நடுவில், காற்றில் சின்ன மாற்றம் நடக்க, k 34-லிருந்து முடிவிலிக்குப் போய் மறுபக்கம் மைனஸில் வந்து நிற்கிறது. அப்படித் தாவும் எண்ணை வைத்து எதையும் கணிக்க முடியாது.

இன்னொன்று. k என்று ஒரே எண்ணை வைத்தால், தரையிலிருந்து மேலே வரை சரிவு ஒரே மாதிரி என்று ஒப்புக்கொள்கிறோம். டக்ட் இருக்கும் இரவில் கடுமையான சரிவு கீழே இருநூறு முந்நூறு மீட்டரில் மட்டும் இருக்கும், அதற்கு மேல் காற்று சாதாரணம். அதனால் k எவ்வளவு என்று கேட்பதைவிட, அந்த அடுக்கு எவ்வளவு தடிமன், அதில் N எவ்வளவு விழுந்தது என்று கேளுங்கள்.

நேர்கோடு | மார்ச் 4, இரவு 10.20

k முடிவிலி என்றால் பூமி தட்டை என்று வைத்துக் கணக்குப் போடுவதுதானே? அப்படியென்றால் 320 கிலோமீட்டர் நேராகத் தெரிந்தது என்பதும், வளைவே இல்லை என்பதும் ஒன்றுதான். வளைவைக் காப்பாற்ற எண்ணை மாற்றிக்கொண்டே போகிறீர்கள்.

நெடுந்தூர அலை | மார்ச் 4, இரவு 11.00

அந்த 157 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பத்து லட்சத்தைப் பூமியின் ஆரம் 6371 கிலோமீட்டரால் வகுத்தால் 157. அலை பூமியைப் போலவே வளைந்து ஓட எவ்வளவு சரிவு வேண்டும் என்பதுதான் அந்த எண். பூமி தட்டையாக இருந்தால் N கொஞ்சம் விழுந்தாலே அலை தரைக்குத் திரும்பியிருக்கும், 157 என்ற வரம்புக்கே இடமில்லை. தட்டைப் பூமியில் அந்த நிலையம் தினமும் மதியம் வந்திருக்க வேண்டும். வருவதில்லை.

ஈரக்காற்று | மார்ச் 5, காலை 7.10

வானிலை படிக்கிறேன், அதனால் காற்றுப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். தரையில் குளிர், மேலே சூடு என்ற தலைகீழ் அடுக்குதான் காரணம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. பாதிதான் சரி. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இவை நான் உதாரணத்துக்கு எடுத்த எண்கள், நேற்றைய அளவீடு அல்ல.

```
N = (77.6 / T) * (P + 4810 * e / T)
```

T கெல்வினில், P காற்றழுத்தம், e நீராவி அழுத்தம், இரண்டும் ஹெக்டோபாஸ்கலில்.

கடல் மட்டத்தில் 25 டிகிரி, அழுத்தம் 1010, ஈரப்பதம் 85 சதவீதம். e 26.9 வருகிறது. N 376.

250 மீட்டர் மேலே 28 டிகிரி, அழுத்தம் 982, ஈரப்பதம் 40 சதவீதம். e 15.1. N 315.

250 மீட்டருக்குள் 61 விழுந்துவிட்டது. சாதாரண நாளில் இதே 250 மீட்டரில் 10 விழும். அலை பூமியோடு சேர்ந்து வளைய 39 விழுந்தால் போதும். 61 என்றால் தாராளம்.

இப்போது ஈரத்தை மட்டும் மாற்றாமல் வைத்துப் பாருங்கள். மேலேயும் e 26.9, சூடு மட்டும் மூன்று டிகிரி அதிகம். N 364. விழுந்தது 12. சாதாரண நாளைவிட இரண்டுதான் கூடுதல், டக்ட் கிடையாது. அந்த 61-ல் ஏறக்குறைய 49 ஈரம் குறைந்ததால் வந்தது. நிலத்திலிருந்து காய்ந்த சூடான காற்று, கடலின் ஈரக்காற்று மேல் சறுக்கிப் போய்ப் படுத்தால்தான் இப்படி ஆகும். தலைகீழ் அடுக்கின் உண்மையான பயன், அது மூடியாக இருந்து கீழே இருக்கும் ஈரத்தை மேலே கலக்க விடாமல் வைப்பது.

அயனிப் பிரியன் | மார்ச் 5, காலை 8.30

அப்படியென்றால் கடல் மேல் எப்போதுமே ஈரம் இருக்கிறதே? ஆவியாதல் டக்ட் என்று படித்திருக்கிறேன், வெப்பக் கடல்களில் அது ஏறக்குறைய நிரந்தரம். தினமும் எஃப்எம் வர வேண்டுமே.

நெடுந்தூர அலை | மார்ச் 5, காலை 9.15

நல்ல கேள்வி. ஆவியாதல் டக்ட் இருப்பது உண்மை, ஆனால் அதன் உயரம் பத்து இருபது மீட்டர்தான். டக்ட் என்பது அலைக்கு ஒரு குழாய் மாதிரி. குழாயைவிட அலை பெரிதாக இருந்தால் உள்ளே நிற்காது, கசிந்துவிடும். தோராயக் கணக்கு: டக்டின் தடிமனை மீட்டரில் எடுத்து ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தி, 360-ஐ அதால் வகுத்தால், பிடிபடும் குறைந்த அலைவரிசை கிகாஹெர்ட்ஸில் வரும். 15 மீட்டர் டக்டுக்கு அது 6 கிகாஹெர்ட்ஸ். கப்பல் ரேடார் பலன் பெறும், எஃப்எம் பெறாது.

100 மெகாஹெர்ட்ஸ் பிடிபட சுமார் 235 மீட்டர் தடிமன் வேண்டும். ஈரக்காற்று எடுத்த 250 மீட்டர் அதை மயிரிழையில் தாண்டுகிறது. 600 மெகாஹெர்ட்ஸ் டிவிக்கு 70 மீட்டர் போதும். எல்லை வெட்டினாற்போல் இருக்காது. கொஞ்சம் மெல்லிய டக்டிலும் கசிவோடு சிக்னல் போகும்.

செட்டாப், உங்கள் விஷயம் இங்கேதான் வருகிறது. யுஎச்எஃப் டிவிக்கு மெல்லிய டக்ட் போதும் என்பதால், எஃப்எம் கேட்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாத காலையிலும் உங்கள் படம் உடையலாம். உங்கள் சேனலின் அதே அலைவரிசையில் எங்கோ தூரத்தில் ஓடும் வேறொரு டிரான்ஸ்மிட்டர் டக்ட் வழியாக வந்து மேலே விழுகிறது. பழைய அனலாக் டிவியில் திரையில் பட்டை ஓடும், சில சமயம் வேற்று ஊர்ப் படமே தெரியும். டிஜிட்டலில் அப்படி எதுவும் தெரியாது, படம் உடைவது மட்டும்தான். உடையும்போது டிவி மெனுவில் சிக்னல் பலம், தரம் இரண்டையும் பாருங்கள். பலம் நிறைய, தரம் மட்டும் விழுந்திருந்தால் குறுக்கீடு. இரண்டும் விழுந்திருந்தால் கேபிளோ ஆன்டெனாவோ. பூஸ்டர் வேண்டியதையும் வேண்டாததையும் சேர்த்தே பெருக்கும், அதனால் அது உதவாது.

செட்டாப் | மார்ச் 6, காலை 6.50

பார்த்தேன். பலம் 90-க்கு மேல், தரம் 20-க்கும் 60-க்கும் நடுவில் ஆடுகிறது. ஆன்டெனாவைத் திருப்பினால் சரியாகுமா?

நெடுந்தூர அலை | மார்ச் 6, காலை 8.00

குறுக்கீடு வேறு திசையிலிருந்து வந்தால் ஆகும். உங்கள் டிரான்ஸ்மிட்டர் பக்கம் சரியாக நிறுத்திவிட்டு, கொஞ்சம் இப்படியும் அப்படியும் திருப்பித் தரம் எங்கே அதிகம் என்று பாருங்கள். பலத்தைப் பார்த்துத் திருப்பாதீர்கள். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் வெயில் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கரையோரக் கேட்பவர் | மார்ச் 6, இரவு 9.30

கேள்வியை மாற்றிக்கொள்கிறேன். k-ஐ விட்டுவிடலாம். ஈரக்காற்று காட்டிய கணக்கு எனக்கு எல்லாவற்றையும் திறந்துவிட்டது. ஆனால் ஒன்று இடிக்கிறது.

இதே கடற்கரையில் 180 கிலோமீட்டரில் இன்னொரு நிலையம், 94.1. அது 900 மீட்டர் மலைமேல் இருக்கிறது. கணக்குப்படி அதன் அடிவானமும் என்னுடையதும் சேர்ந்து 137 கிலோமீட்டர். அதற்கு நாற்பது சொச்சம் கிலோமீட்டர் வெளியே நான் இருந்தாலும், சாதாரண நாளில் இரைச்சலோடு மெதுவாகக் கேட்கும். அந்த இரவு 320 கிலோமீட்டர் நிலையம் உள்ளூர் மாதிரி வந்தபோது இந்த 180 சுத்தமாக இல்லை. நல்ல டக்ட் இருந்தால் பக்கத்தில் இருப்பது இன்னும் நன்றாக அல்லவா வர வேண்டும்?

குன்றின்மேல் | மார்ச் 6, இரவு 10.45

என் அனுபவம் இதையே மறுபக்கத்திலிருந்து சொல்லும். என் வீடு உயரத்தில் இருக்கிறது, சாதாரண நாளில் கீழே இருக்கிறவர்களைவிட எனக்கு நிறைய நிலையங்கள் வரும். டக்ட் இரவுகளில் கீழே இருக்கும் நண்பர் தூர நிலையங்களாக அடுக்குவார், எனக்கு ஒன்றுமே இருக்காது. முதலில் ஆன்டெனாவில் கோளாறு என்று நினைத்துக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் விடிகாலையில் பனிமூட்டம் என் வீட்டுக்குக் கீழே படுத்திருப்பதைக் கவனித்தேன். அதாவது டக்டின் கூரைக்கு மேலே நான் உட்கார்ந்திருக்கிறேன்.

நெடுந்தூர அலை | மார்ச் 7, காலை 7.40

குன்றின்மேல் சொன்னதுதான் விடையின் பெரும்பகுதி. டக்டுக்குள் மாட்டிக்கொள்ள அலை மிகச் சாய்வாகப் போக வேண்டும். ஈரக்காற்றின் எண்களை வைத்தால் தரைமட்டக் கோட்டிலிருந்து 0.4 பாகைக்குள். 150 மீட்டர் கோபுரம் அடுக்குக்கு உள்ளேயே இருப்பதால் அங்கிருந்து கிடைமட்டமாகக் கிளம்பும் அலை அப்படியே மாட்டிக்கொள்கிறது. 900 மீட்டர் மலையிலிருந்து வருவது கூரைக்கு மேலேயே பிறக்கிறது. கூரையைத் தொடும்போது ஏற்கனவே செங்குத்து அதிகம், உள்ளே புகுந்தாலும் தங்காமல் கடலில் பட்டு வெளியே போய்விடும். அது மட்டுமில்லை, அந்தக் கூரை அலைகளைக் கீழே சீக்கிரமாக இழுத்துவிடுவதால் அதற்கு அப்பால் வெறும் இடம் ஒன்று உண்டாகிறது. ரேடார்காரர்கள் அதை ஓட்டை என்றே சொல்வார்கள். நீங்கள் அந்த ஓட்டைக்குள் இருந்திருக்கலாம்.

320 கிலோமீட்டர் உண்மையில் பெரிய தூரம் இல்லை. நடுவில் பூமியே இல்லை என்று வைத்தால், 10 கிலோவாட் நிலையம் 320-ல் தரும் புலம், ஊருக்குள் ஸ்டீரியோ கேட்கத் திட்டமிடும் அளவைவிட அதிகம். தினமும் நம்மைத் தடுப்பது தூரம் அல்ல, வளைவு. டக்ட் அந்த ஒரு தடையை எடுத்துவிடுகிறது. 1957 ஜூலையில் ஜான் சேம்பர்ஸ் கலிபோர்னியாவிலிருந்தும் ரால்ஃப் தாமஸ் ஹவாயிலிருந்தும் 144 மெகாஹெர்ட்ஸில் பேசிக்கொண்டார்கள், 4000 கிலோமீட்டர். அந்தக் கடல் மேல் இறங்கும் காய்ந்த காற்றுக்கும் கீழே இருக்கும் ஈரக்காற்றுக்கும் நடுவில் கோடையில் அடுக்கு நாள்கணக்கில் நிற்கும்.

ஈரக்காற்று | மார்ச் 7, காலை 8.25

ஓட்டை என்பதை நான் முழுதாக ஏற்கவில்லை. 94.1-க்கும் 94.3-க்கும் இடைவெளி 200 கிலோஹெர்ட்ஸ்தான். 320 நிலையம் பலமாக வந்தால், ரிசீவரின் வடிகட்டி அகலமாக இருந்தால், பக்கத்தில் இருக்கும் மெலிந்த 94.1-ஐ அது விழுங்கிவிடும். காற்றில் 94.1 இருந்திருக்கும், பெட்டிக்குள் செத்திருக்கும். எஃப்எம்மில் பலமானது மெலிந்ததைச் சுத்தமாக அமுக்கிவிடும் என்பது தெரிந்ததுதானே. இரண்டு காரணமும் ஒரே மாதிரித்தான் கேட்கும்.

கரையோரக் கேட்பவர் | மார்ச் 7, காலை 10.10

எப்படிப் பிரிப்பது? என் ரிசீவரில் குறுகிய வடிகட்டி உண்டு, ஆனால் அன்று அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

ஈரக்காற்று | மார்ச் 7, காலை 11.00

அடுத்த முறை 94.1-ல் வைத்துக் குறுகிய வடிகட்டியைப் போடுங்கள். அதே மலையிலிருந்து வேறு அலைவரிசையில் ஒலிபரப்பும் நிலையம் இருந்தால் அது இன்னும் நல்ல சோதனை. பக்கத்தில் பலமான அந்நியர் யாரும் இல்லாத அலைவரிசையாக இருக்க வேண்டும். அதுவும் காணாமல் போயிருந்தால் ஓட்டை. அது மட்டும் கேட்டால் ரிசீவர்.

கூடவே வானிலை பலூன் அளவீட்டையும் பாருங்கள். வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் உலகம் முழுக்க கிடைக்கும், பெரும்பாலும் கிரீனிச் நேரம் 00, 12 மணிக்கு விடுவார்கள். உங்கள் பக்கத்துக் கடற்கரை நிலையத்தை எடுத்துக் கீழ் 500 மீட்டரில் ஈரம் எங்கே வெட்டி விழுகிறது என்று தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: பலூன் வேகமாக ஏறும், பட்டியலில் கீழே வரிகள் குறைவு, மெல்லிய அடுக்கு இரண்டு வரிக்கு நடுவில் மறைந்துவிடும். பட்டியலில் இல்லை என்பதால் டக்ட் இல்லை என்று ஆகாது.

அயனிப் பிரியன் | மார்ச் 7, மதியம் 12.40

டக்ட் இல்லாத நாளில் 320 நிலையம் சுத்தமாக இல்லையா, அல்லது காதுக்கு எட்டாமல் இருக்கிறதா? பெரிய யாகி வைத்திருப்பவர்கள் தினமும் இப்படிப்பட்ட தூரத்திலிருந்து துடிப்போடு ஏதாவது கேட்பதாகச் சொல்கிறார்களே.

நெடுந்தூர அலை | மார்ச் 7, மாலை 6.20

இருக்கும். மேற்காற்றின் கலங்கலில் சிதறி வரும் மெல்லிய சிக்னல் அது, விமானம் ஒன்று குறுக்கே போனால் சில நொடி கூடும். நல்ல ஆன்டெனா உள்ளவருக்கு அந்த நிலையம் "திடீரென்று" வரவில்லை, அடியில் இருந்தது பலமடங்கு ஏறியது. அதனால்தான் வெறும் மதியங்களில் 94.3-ல் என்ன கேட்கிறது என்று குறித்து வைப்பது பயன்படும்.

கரையோரக் கேட்பவர் | மார்ச் 11, காலை 7.05

நேற்று இரவு மறுபடி வந்தது, முன்பைவிடப் பலவீனம், ஸ்டீரியோ விட்டுவிட்டு. 94.1-ல் குறுகிய வடிகட்டி போட்டேன், ஒன்றும் இல்லை. அதே மலையிலிருந்து 101 பக்கம் ஒரு நிலையம் உண்டு, சாதாரணமாக 94.1 அளவுக்கே கேட்கும். நேற்று அது கேட்டது, ஆனால் வழக்கத்தைவிட மெலிந்து, மெதுவாக ஏறி இறங்கியபடி.

ஈரக்காற்று | மார்ச் 11, காலை 8.15

அது இரண்டு பக்கமும் இழுக்கிறதே. மெலிந்தது ஓட்டை பக்கம், முழுசாகப் போகாதது என் பக்கம். நேற்று 320-ம் பலவீனமாக இருந்ததால் அடுக்கும் மெல்லிசாக இருந்திருக்கலாம்.

நெடுந்தூர அலை | மார்ச் 11, காலை 9.00

ஒரு இரவை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். முதல் இரவைப் போலப் பலமாக வரும்போது 101-ஐ முதலில் பாருங்கள். குன்றின்மேல், நீங்கள் அதே மாதிரி இரவில் எந்த உயரத்தில் மூட்டத்தின் மேல்விளிம்பு நிற்கிறது என்று சொன்னால் கூரை உயரம் தோராயமாகத் தெரியும்.

குன்றின்மேல் | மார்ச் 11, மாலை 5.40

மலைப்பாதையில் மைல்கற்கள் இருக்கின்றன, எந்தக் கல் வரை மூடியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிடலாம். மூட்டம் இல்லாத காய்ந்த இரவில் எனக்கு அந்த வழி இல்லை.

செட்டாப் | மார்ச் 12, காலை 7.30

பதினைந்து பாகை இடப்பக்கம் திருப்பினேன். பலம் 90-லிருந்து 80-க்கு இறங்கியது, தரம் 70-க்கு மேல் நிற்கிறது. படம் உடையவில்லை.